ஊரிலிருந்து திரும்பியவருக்கு முதல் ஏழு நாள்

"வணக்கம் ஐயா. தெங்காவில் ஒரு வீவக கட்டுமான சைட்டில் கம்பி கட்டும் குழுவுக்கு நான் சூப்பர்வைசர். மொத்தம் 14 பேர். எங்களில் ஒரு அண்ணன் ஐந்து வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினார். வேலைக்கு வந்த இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நிழலில் வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அரை மணியில் 'சரியாகிவிட்டது' என்று மறுபடி ஸ்லாப் மேலே ஏறிவிட்டார். 12 வருட அனுபவம் உள்ளவர். 'வெயில் நமக்கென்ன புதுசா' என்கிறார். புராஜெக்ட் மேனேஜரோ ஸ்லாப் தேதி தள்ளக் கூடாது என்கிறார். வேலையை எப்படி மாற்றி வைப்பது? எந்த நேரத்தில் ஆளை நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று மாலையும் மறுநாளும் சிறுநீர் என்ன நிறத்தில் போனது என்று கேளுங்கள். பால் கலக்காத தேத்தண்ணி நிறத்தில் போயிருந்தாலோ, தொடையும் தோளும் தொட்டாலே வலிக்கிறது என்று சொன்னாலோ, இன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். கடும் வேலையும் வெப்பமும் சேர்ந்து தசை சிதைந்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அது மயக்கம் வந்த அன்றே தெரியாமல் ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம். அவரை அரை மணியில் மறுபடி ஸ்லாப் மேல் விட்டது தவறு. உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அடுத்த முறை நடக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வெப்பத்தில் தலை சுற்றி உட்கார்ந்தவர் அன்றைக்கு மறுபடி வெயிலில் வேலை செய்யக் கூடாது. நிழலில் உட்கார்ந்ததும் தலை தெளிந்துவிடும், ஆனால் உடம்புக்குள் ஏறிய சூடும் குறைந்த நீரும் அரை மணியில் சரியாகாது.

12 வருட அனுபவம் கைக்குத்தான். உடம்பு வெயிலுக்குப் பழகுவது வேறு கணக்கு. தினமும் வெப்பத்தில் உழைக்கும் உடம்பு, ஒன்றிரண்டு வாரத்தில் தன்னை மாற்றிக்கொள்கிறது. வியர்வை சீக்கிரம் வரும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். அதே வேலைக்கு இதயம் முன்னைவிடக் குறைவாகவே துடிக்கும். இந்தப் பழக்கம் விட்டால் போய்விடும். ஒரு வாரம் விலகி இருந்தாலே குறையத் தொடங்கும், ஒரு மாதத்தில் பெரும்பாலும் இருக்காது. ஊரிலும் வெயில்தானே என்பார்கள். அங்கே கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு என்று நிழலில் இருந்தவருக்கு, வெயிலில் கம்பி தூக்கிய உடம்பு அப்படியே இருக்காது. ஆனால் கையும் மனசும் பழைய வேகத்தில்தான் போகும். அதனால்தான் திரும்பி வந்த அனுபவசாலி புதியவரைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறார். புதியவர் பயந்து மெதுவாகச் செய்வார், இவர் பெயரைக் காப்பாற்ற முன்னால் நிற்பார்.

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த வெப்ப விதிகளில் இதற்கென்றே ஓர் அம்சம் இருக்கிறது. புதிதாக வெளிவேலைக்கு வருபவரையும், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பில் போய் வந்தவரையும் குறைந்தது ஏழு நாளில் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். பல சைட்டுகளில் இது தாளில் இருக்கும், வேலையில் இருக்காது. நான் கம்பிக் குழுவுக்கு இப்படித்தான் போட்டுக் கொடுப்பேன். முதல் இரண்டு நாள் கனமான வேலை காலை பத்து மணி வரை மட்டும், மீதி நேரம் யார்டில் கூரைக்குக் கீழே ஸ்டிரப் வளைப்பது, பீம் கூடு கட்டுவது. மூன்றாம், நான்காம் நாள் பதினொன்று வரை. ஐந்து முதல் ஏழாம் நாள் வரை அதோடு மதியம் ஒரு மணி நேரம் ஸ்லாப்பில் கட்டும் வேலை, தூக்கும் வேலை கிடையாது. எட்டாம் நாளில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ஒரு விஷயம் கவனம்: பாவம் என்று ஏழு நாளும் ஏர்கான் ஸ்டோரில் உட்கார வைத்தால் எதுவும் பழகாது. தினமும் கொஞ்ச நேரமாவது வெப்பத்தில் வியர்க்க வேலை செய்தால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். அந்த அண்ணனுக்கு, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, இந்த ஏழு நாளை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம் வேலையை மாற்றி வைப்பது. எல்லாரும் வெயிலைத்தான் பார்க்கிறோம், வேலையைப் பார்ப்பதில்லை. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் வேலையாக மாறும், மீதி எல்லாம் சூடாக உடம்புக்குள்ளேயே நிற்கும். 12 மீட்டர் நீளமுள்ள 25 மில்லி கம்பி ஒன்று கிட்டத்தட்ட 46 கிலோ. 32 மில்லி என்றால் 75 கிலோவுக்கு மேல். அதை இரண்டு பேர் தோளில் வைத்து, கால் இடறும் கம்பி வலை மேல் நடந்து, ஸ்லாப்பின் அந்த மூலைக்குக் கொண்டுபோவதும், அதே வெயிலில் குனிந்து முடிச்சுப் போடுவதும் ஒன்றல்ல. எனவே நீங்கள் நகர்த்த வேண்டியது தூக்கும் வேலையை. கட்டும் வேலையில் கொஞ்சம் மதியத்துக்குப் போனாலும் தாங்கலாம்.

நம் ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. பன்னிரண்டு முதல் ஒன்று வரை சாப்பிட்டுவிட்டு ஏறும் குழு, உச்சி வெயிலுக்குள்தான் நேராகப் போகிறது. அதற்குப் பிறகு கான்கிரீட்டும் பிளைவுட்டும் கம்பியும் குடித்து வைத்த சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மூன்று மணி ஆகியும் ஸ்லாப் மேல் குறையாது. உங்கள் அண்ணன் மூன்று மணிக்கு உட்கார்ந்தது தற்செயல் அல்ல.

சாப்பாட்டு நேரத்தை ஒரு மணிக்குத் தள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் டார்மிட்டரிக்கு வரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தால் சாம்பார் புளித்துவிடும். கெட்ட சாப்பாட்டால் வயிறு போன ஆளுக்கு உடம்பில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும், அவர்தான் அடுத்து விழுவார். சாப்பாட்டை அங்கேயே விடுங்கள், கம்பியை நகர்த்துங்கள்.

கம்பியை நகர்த்த உங்களுக்குத் தடை வெயில் அல்ல, கிரேன். டவர் கிரேன் ஒன்றை ஃபார்ம்வொர்க் குழுவும், பிரீகாஸ்ட் குழுவும், நீங்களும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். காலையில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மதியம் ஒன்றரைக்கு உங்கள் கம்பிக் கட்டு மேலே வந்தால், அதன் பிறகு தூக்கி விரிப்பது எல்லாம் உச்சி வெயிலில்தான் நடக்கும். எனவே புராஜெக்ட் மேனேஜரிடம் ஸ்லாப் தேதியைத் தள்ளச் சொல்லாதீர்கள், லிஃப்டிங் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலை நாலரைக்கு மேல் அல்லது காலையில் முதல் லிஃப்ட். அதிலும் ஒரே இடத்தில் மொத்தக் கட்டையும் இறக்காமல், ஸ்லாப்பில் மூன்று இடத்தில் பிரித்து இறக்கச் சொல்லுங்கள். எங்கெங்கே இறக்கலாம், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு எடை நிற்கலாம் என்பதை மட்டும் ஃபார்ம்வொர்க் எஞ்சினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 30 மீட்டர் சுமக்கும் கம்பியைப் பத்து மீட்டர் சுமந்தால் போதும் என்று ஆகிவிட்டால், எந்த ஓய்வு நேரத்தைவிடவும் அது பெரிய உதவி.

இப்படி வைத்தால் உங்கள் நாள் ஏறத்தாழ இந்த வடிவத்துக்கு வரும். எட்டு மணிக்கு டூல்பாக்ஸ் மீட்டிங். எட்டேகால் முதல் பதினொன்று வரை கம்பி சுமப்பது, விரிப்பது, கீழ் அடுக்கைப் போடுவது. பதினொன்று முதல் பன்னிரண்டு வரை கட்டுவது. சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை பாதிப் பேர் யார்டில் கூரைக்குக் கீழே வெட்டுவது, வளைப்பது. பாதிப் பேர் மேலே முடிச்சும் கவர் பிளாக்கும். ஒரு மணிக்கு ஒரு தடவை இடம் மாற்றிக்கொள்வார்கள். நாலு மணிக்கு மேல் மறுபடி எல்லாரும் மேலே.

ஓய்வு நேரத்துக்கு வருவோம். உங்கள் சைட் 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தமாகத்தான் இருக்கும். அப்படியானால் சைட்டிலேயே வெப்ப மீட்டர் இருக்க வேண்டும், மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மற்றவர்கள் myENV செயலியில் பார்க்கலாம். மீட்டரில் WBGT என்று வரும் எண் வெறும் காற்றின் சூடு அல்ல. அதில் பத்தில் ஏழு பங்கு ஈரம் சொல்லும் கதை, இரண்டு பங்கு வெயிலின் நேரடிச் சூடு, ஒரு பங்குதான் காற்றின் சூடு. அதனால்தான் மழை விட்டு உடனே வெயில் அடிக்கும்போது, காற்றில் 31 டிகிரி என்று காட்டினாலும் ஆட்கள் துவண்டுபோகிறார்கள். வியர்வை வழிகிறது, ஆனால் காயவில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

எண் 32 தொட்டால் கனமான வேலைக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு, 33 தொட்டால் 15 நிமிடம். நான் போன பல சைட்டுகளில் மீட்டர் சைட் ஆபீஸ் வாசலில், கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஆறாம் மாடியில். மீட்டர் ஆட்கள் நிற்கும் ஸ்லாப்பில், வெயிலில் இருக்க வேண்டும். வைத்தவுடன் எண்ணைப் பார்க்காதீர்கள், வெயிலின் சூட்டை அளக்க மீட்டரில் இருக்கும் கறுப்புக் குண்டு சூடேறி நிலைக்க ஒரு கால் மணி நேரம் கொடுங்கள்.

மேனேஜர் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மதியம் நாலு மணி நேரம் எண் 32க்கு மேல் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். நாலு தடவை பத்து நிமிடம், ஒருவருக்கு 40 நிமிடம். 14 பேருக்குச் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது 14 பேரில் ஓர் ஆளின் ஒரு நாள் வேலை. கனமான வேலை காலைக்குப் போய்விட்டால், மதியம் களைத்துப்போய்த் தவறாகக் கட்டிய முடிச்சைப் பிரித்துக் கட்டும் நேரம் மிச்சமாகும். ஓர் ஆள் மயங்கி விழுந்தால் மொத்தக் குழுவும் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கம்பி வேலையில் ஓய்வை எல்லாரும் சேர்ந்தே எடுங்கள். அப்போதுதான் 14 முகத்தையும் ஒரே நேரத்தில் பார்ப்பீர்கள். கான்கிரீட் ஊற்றும் நாளில் அப்படி நிறுத்த முடியாது. அன்றைக்கு இரண்டிரண்டு பேராக மாற்றி அனுப்புங்கள், அதற்கென்று இரண்டு ஆள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் மணிக்குக் குறைந்தது 300 மில்லி என்பது பரிந்துரை. கம்பி சுமக்கும் நேரத்தில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு கப் என்பது என் கணக்கு. ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வது உதவாது, மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டுவது ஆபத்தும்கூட, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். 14 பேருக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சமே 34 லிட்டர் ஆகிறது. காலை முதல் லிஃப்டிலேயே 20 லிட்டர் கூலர் இரண்டை மேலே ஏற்றுங்கள், மதியம் மறுபடி நிரப்புங்கள். தண்ணீர் தரைத்தளத்தில் இருந்தால் ஆறாம் மாடியிலிருந்து யாரும் இறங்க மாட்டார்கள். இன்னொன்று யாரும் வெளியே சொல்வதில்லை: கழிவறை தூரம் என்பதால் பலர் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். சில மாடிக்கு ஒரு கழிவறை கேளுங்கள், குடிக்கும் அளவு தானாக ஏறும். சோறும் குழம்பும் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. சாப்பிட முடியாமல் நிறைய வியர்ப்பவருக்கு ஓஆர்எஸ் பொட்டலம் கொடுங்கள்.

இனி, ஆளை எப்போது நிறுத்துவது. தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு, தலைச்சுற்றல் என்று எல்லாருக்கும் தெரிந்த அறிகுறிகள் உண்டு. அவற்றை ஆள் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியது கையையும் பேச்சையும்.

பல வருடத்துக்கு முன் நான் பார்த்த ஒரு சம்பவம். கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்து குறடு விழுந்தது. எடுத்தார். இரண்டு நிமிடத்தில் மறுபடி விழுந்தது. அவர் கட்டிய வரிசையைப் பார்த்தேன், நாலு முடிச்சு ஒழுங்காக, ஐந்தாவது முடிச்சு கம்பியைச் சுற்றாமலே முறுக்கி விடப்பட்டிருந்தது. வேலை தெரிந்த ஆள் அப்படிக் கட்ட மாட்டார். "என்ன, சரியா இருக்கீங்களா?" என்றேன். "ஓகே, ஓகே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எப்போதும் வாய் ஓயாமல் பேசுபவர். சட்டை முழுக்க நனைந்து வியர்வை சொட்டியது. "உங்க ரூம் நம்பர் என்ன?" என்று கேட்டேன். யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவரை அங்கேயே படுக்க வைத்துக் குளிர்வித்ததால் பிழைத்தார்.

எனவே நீங்களும் இதையே செய்யுங்கள். சந்தேகம் வந்தால் ரூம் நம்பர் கேளுங்கள், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள், பத்து அடி நேராக நடக்கச் சொல்லுங்கள். பதில் தெளிவாக வந்து, களைப்பும் தலைவலியும் மட்டும் என்றால் நிழல், தண்ணீர், ஹார்னஸும் பூட்ஸும் கழற்றல், பக்கத்தில் ஓர் ஆள், அன்றைக்கு வேலை நிறுத்தம், பிறகு டாக்டர். பதில் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, சண்டைக்கு வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 995. "வியர்க்கிறதே, அப்போ வெப்பத் தாக்கு இல்லை" என்று நினைக்காதீர்கள். உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கில் தோல் நனைந்தே இருக்கும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்வியுங்கள். பக்கத்து நிழலுக்கு இழுத்து, மேல்சட்டையைக் கழற்றி, கூலர் தண்ணீரை உடம்பு முழுக்கத் தொடர்ந்து ஊற்றுங்கள், அட்டையால் விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் எவ்வளவு சூடு இறங்குகிறது என்பதில்தான் மூளையும் ஈரலும் தப்புவது இருக்கிறது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருவரை கேட்டுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் பெரிய சைட்டில் வழி தேடும். தினமும் ஸ்லாப்பில் ஒரு பெட்டியில் இரண்டு பை ஐஸ் வைத்திருங்கள், ஒரு நாள் செலவு சில வெள்ளிதான்.

காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இன்னொரு கேள்வியும் வையுங்கள்: நேற்று இரவு காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி மாத்திரை, சரக்கு, தூக்கமில்லை, இவற்றில் ஏதாவது உண்டா? எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். லாரியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவராகக் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர் இருந்தால் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள், தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

உங்கள் அண்ணன் அரை மணியில் மேலே ஏறியதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து வாரம் சம்பளமில்லாமல் இருந்துவிட்டு வந்திருக்கிறார். ஏஜெண்ட் கடன், ஊரில் செய்த செலவு, ஓவர்டைம் போய்விடுமோ, "இவர் முடியாதவர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்த பயம் இருக்கும்வரை எந்த அறிகுறியும் உங்களிடம் வராது. எனவே யார்டில் உட்கார்ந்து வளைத்த நாளுக்கும் அதே சம்பளம், ஓவர்டைம் வரிசையில் பெயர் இருக்கும் என்று மேனேஜர் வாயால் சொல்ல வையுங்கள், குழு முன்னால். அவருக்கு ஜோடியாக, பேசிப் பழகிய, ஆனால் விடுப்பில் போகாத ஒருவரைப் போடுங்கள். முதல் ஏழு நாளும் இரவு ஒன்பது மணிக்கு அவர் ரூமில் இருக்கும் இன்னொருவருக்கு ஒரு போன் போடுங்கள்: சாப்பிட்டாரா, வாந்தி உண்டா, சிறுநீர் போனாரா, என்ன நிறம்.